மூன்று மணிக்கு ஒலித்த அழைப்பு மணி

என் சின்னம்மா வீட்டின் அழைப்பு மணியை அவருடைய மகன் ஒருநாள் கழற்றி எடுத்துவிட்டான். சித்தப்பா மறைந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. வாரத்தில் நான்கைந்து இரவுகள், விடியற்காலை மூன்று மணியளவில், மணி அடிக்கிறது என்று சின்னம்மா விழித்து உட்கார்ந்துவிடுவார். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். சுவிட்சுக்குள் பல்லி புகுந்தாலோ, மழை ஈரம் இறங்கினாலோ மணி தானாக ஒலிப்பதுண்டு. கம்பியில்லா மணியாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பொத்தானுக்கும் நம் வீட்டு மணி பதில் சொல்லிவிடும். ஆகவே மகன் முதலில் அதைச் சரிபார்த்தது நியாயமானதே. ஆனால் மணியைக் கழற்றிய மூன்றாம் நாள் இரவும் சின்னம்மாவுக்கு மணி கேட்டது.

அதன் பிறகுதான் அவர் முழுவதையும் சொன்னார். மணி அடிக்கிறது, சில நாள் அது மணியாக இல்லாமல் கதவைத் தட்டும் ஓசையாக இருக்கிறது, தான் படுக்கையில் கிடப்பதும் தெரிகிறது, எழ வேண்டும், எழ முடியவில்லை. "கேக்குதுப்பா, நல்லாவே கேக்குது. காலு ரெண்டும் மரக்கட்டை மாதிரி கிடக்கு" என்றார். தட்டுகிறவர் களைத்துப்போய்த் திரும்பிச் செல்லும் காலடியோசையோடு கனவு முடியும்.

உறவினர்களில் சிலர் பரிகாரம் சொன்னார்கள். சிலர் வீட்டை மாற்றச் சொன்னார்கள். கனவு கண்ட யாமத்தை வைத்துப் பலன் கூறும் மரபு நம்மிடம் பழைமையானது. கனா நூல் என்றே ஒரு தனி நூல் தமிழில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், உறக்கத்தை ஆராயும் மருத்துவரும் முதலில் கேட்பது எந்த யாமம் என்பதைத்தான். அவருக்கு வேண்டியது பலன் அல்ல, காரணம்.

உறங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம். காதுக்கு இமை இல்லை. ஒலி உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதை விழிப்புக்கு உரியதா, தள்ளிவிடத் தக்கதா என்று மூளை தரம் பிரிக்கிறது. இந்தத் தரம்பிரிப்பின் தடயத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர். நிதித்துறையில் பொருளீட்டிய அவர், நியூயார்க் மாநிலத்தின் டக்ஸிடோ பார்க் என்ற இடத்தில் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். 1930-களின் பிற்பகுதியில், உறங்குவோரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி இரவு முழுவதும் மூளையலைகளைப் பதிவு செய்தார். உறங்குபவருக்கு அருகே சிறு ஓசை எழும்போதெல்லாம் வரைதாளில் பெரிய அலை ஒன்று திடீரென எழுந்து அடங்கியது. உறங்குபவர் விழிக்கவில்லை, ஓசை கேட்டதாக அவருக்கு நினைவும் இல்லை. அந்த அலைக்குக் கே-காம்ப்ளெக்ஸ் என்று பெயர். தட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே அந்தக் 'கே' என்று ஒரு விளக்கம் வழங்குகிறது. வேறு விளக்கங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்த அலை எல்லா ஓசைக்கும் ஒரே அளவில் எழுவதில்லை. 1960-ல் ஐயன் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தனர். உறங்குவோருக்குப் பல பெயர்களை ஒலிப்பதிவிலிருந்து வரிசையாகக் கேட்கச் செய்தனர். மற்றவர்களின் பெயர்களுக்கு எழுந்ததைவிட, அவரவர் சொந்தப் பெயர் ஒலித்தபோது கே-காம்ப்ளெக்ஸ் அதிகமாக எழுந்தது. அதாவது உறங்கும் மூளை ஒலியின் உரப்பை மட்டும் அளப்பதில்லை. அது நமக்குரியதா என்றும் பார்க்கிறது. லாரி இரைச்சலில் அசையாத தாய், குழந்தையின் முனகலுக்கு எழுந்துவிடுவது இதனால்தான்.

சின்னம்மாவின் மூளை எந்த ஓசைக்குப் பழகியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பா சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். ரயில் ஓட்டும் பணியாளர்களுக்கு நேரங்காலம் கிடையாது. கைப்பேசி வருமுன், ரயில்வே குடியிருப்புகளில் 'கால் பாய்' என்று ஓர் ஊழியர் உண்டு. எந்த வண்டிக்கு யார் போக வேண்டும் என்று எழுதிய குறிப்பேட்டோடு நள்ளிரவில் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார். கையெழுத்துப் போட்ட பிறகு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. தட்டியது கேட்காமல் தூங்கிவிட்டாலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். பணி முடித்துச் சித்தப்பா திரும்புவதும் பெரும்பாலும் விடியுமுன். முப்பதாண்டுக் காலம் இரு திசையிலும் அந்தக் கதவைத் திறந்தவர் சின்னம்மா. முதல் தட்டுக்கே எழுந்துவிடுவார் என்பது குடும்பத்தில் பெயர்பெற்ற செய்தி.

அப்படிப்பட்டவருக்கு, வாழ்வில் ஒரே ஓர் இரவு அழைப்பு கேட்கவில்லை. சித்தப்பா மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். பக்கத்திலேயே விழித்திருந்த சின்னம்மாவை, ஓர் இரவாவது தூங்கட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று விடியற்காலை மூன்று மணிக்குக் கூடத்தில் இருந்த தொலைபேசி அடித்தது. மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. காலையில் மகன் நேரில் வந்து சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

கனவில் மணி ஒலிப்பது எதனால் என்ற கேள்விக்கு வருவோம். வெளியே எழும் ஓசை கனவுக்குள் வேறு வேடம் போட்டு நுழையும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பேசப்பட்ட செய்தி. ஹில்டபிராண்ட் என்ற ஜெர்மானியர் 1875-ல் தம் கனவுகள் மூன்றைப் பதிவு செய்தார். ஒன்றில் ஊர்மக்கள் தேவாலயத்துக்குச் செல்கிறார்கள். கோபுரத்து மணி அசைந்து ஒலிக்கிறது. மற்றொன்றில் பனிச்சறுக்கு வண்டியின் குதிரைச் சலங்கைகள் குலுங்குகின்றன. மூன்றாவதில் பணிப்பெண் ஒருத்தி சுமந்துவரும் பீங்கான் தட்டுகள் சரிந்து நொறுங்குகின்றன. மூன்றிலும் உண்மையில் ஒலித்தது ஒரே அலாரக் கடிகாரம். ஃபிராய்டு 1899-ன் இறுதியில் வெளிவந்த தம் கனவு நூலில் இவற்றை எடுத்துக்காட்டி, கனவு உறக்கத்தின் காவலாள் என்று வாதிட்டார். உறங்குபவர் எழுந்துவிடாதபடி, வெளியோசைக்கு ஒரு கதை கட்டிச் சமாளிக்கிறது கனவு என்பது அவர் கருத்து.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எத்தனை தடவைக்கு ஒரு தடவை அப்படி நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் வில்லியம் டிமென்ட், எட்வர்ட் வோல்பர்ட் என்ற இரு அமெரிக்கர்கள். 1958-ல் வெளியான அவர்களது ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. உறங்குவோரின் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டத்தில் கனவுகள் செறிவாக வருகின்றன. அந்தக் கட்டத்தில் அவர்கள் மூன்று வகைத் தூண்டல்களைத் தந்தனர். தோல்மீது குளிர்ந்த நீரைத் தெளித்தபோது நூற்றுக்கு 42 தடவை அது கனவுக்குள் நுழைந்தது. கூரை ஒழுகுவதாக, மழை பெய்வதாகக் கனவு வந்தது. ஒளியைப் பாய்ச்சியபோது 23 தடவை. ஒலியை எழுப்பியபோது வெறும் 9 தடவை. எழுப்புவதற்கென்றே அடித்த மின்மணியும் ஏறத்தாழ பத்தில் ஒரு முறைதான் கனவில் தலைகாட்டியது. அப்படித் தலைகாட்டியபோது, பெரும்பாலும் தொலைபேசி மணியாகவோ வாசல் மணியாகவோ வந்தது.

இந்த எண்களை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன். கனவில் கேட்ட மணிக்கு வெளியே ஒரு மணி இருந்தாக வேண்டும் என்பதில்லை. வெளியே மணி அடித்தால் அது கனவில் வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. வெளியோசை கனவாவது அபூர்வம். அப்படி நேர்ந்த அபூர்வங்களே நம் நினைவில் தங்கி, விதியைப் போலத் தோன்றுகின்றன.

உறக்கத்தில் கேட்கும் தட்டல் ஒரே வகையும் அல்ல. படுத்த சிறிது நேரத்தில், கனவுக்கதை எதுவும் இன்றி, ஒற்றை ஓசையாகக் கேட்பது ஒன்று: கதவை ஒருமுறை தட்டியது போல, பெயர் சொல்லி அழைத்தது போல. விழிப்பிலிருந்து உறக்கத்துக்குப் போகும் வழியில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் அணைவதில்லை. கேட்கும் பகுதி தன்னிச்சையாக ஒரு பொறி தட்டிவிட்டு அடங்குகிறது. உடல்நலத்தோடு இருக்கும் பலருக்கும், குறிப்பாகக் களைப்பு மிகுந்த நாள்களில், இது நேரும். இதன் உரத்த வடிவம், தலைக்குள் வெடி வெடித்தாற்போல ஒலிப்பது. அது அச்சமூட்டுமே தவிர வலி தராது, தீங்கும் செய்யாது.

மற்றொன்று சின்னம்மாவுக்கு வந்தது. விழியசைவு உறக்கம் ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிப்பது, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. எனவே பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு வரும் தட்டல் பெரும்பாலும் முழுக் கனவின் பகுதியாக இருக்கும். அதில் இடம் இருக்கும், ஆள் இருக்கும், முன்னும் பின்னும் கதை இருக்கும். வீட்டில் அடுத்த அறையில் படுத்தவருக்குக் கேட்டதா, நாய் குரைத்ததா, விழித்த பிறகு மீண்டும் தட்டினார்களா என்ற மூன்று கேள்விகளே உண்மைத் தட்டலையும் இதையும் பிரித்துக் காட்டப் போதும். உண்மையில் வந்து நிற்பவர் ஒருமுறை தட்டிவிட்டு ஓய்ந்துவிடமாட்டார்.

ஏன் எழ முடியவில்லை? விழியசைவு உறக்கத்தின்போது, மூளைத்தண்டிலிருந்து செல்லும் கட்டளை ஒன்று கை கால் தசைகளைத் தளர்த்திச் செயலற்றதாக்கி வைக்கிறது. கண்ணசைக்கும் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டுமே விலக்கு. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஷூவே பூனைகளைக் கொண்டு இதை விளக்கினார்: மூளைத்தண்டின் குறிப்பிட்ட பகுதி சிதைந்த பூனைகள், உறக்கத்திலேயே எழுந்து இரையைத் துரத்தின. அந்தப் பூட்டு இல்லையென்றால் நாமும் கனவில் ஓடுவதைக் கட்டிலிலிருந்தே ஓடுவோம். பூட்டு திறக்குமுன் விழிப்பு வந்துவிட்டால், உடல் அசையாத சில கணங்களை நாம் உணர்கிறோம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். கனவுக்குள்ளேயே கால் எழாமல் போவதற்கும் இந்தப் பூட்டுதான் காரணம் என்று சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதே பூட்டு இருக்கும்போதுதானே பல கனவுகளில் ஓடுகிறோம், பறக்கிறோம்? சின்னம்மாவின் கால்கள் மரக்கட்டையானதில் உடலுக்குப் பாதிப் பங்கு இருக்கலாம். மறுபாதிக்குக் காரணம் அந்தத் தொலைபேசி.

அவரை ஓர் உளநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். பெரிதாக எதையும் எழுதித்தரப் போகிறார் என்று எண்ணிப் போன எனக்கு, அந்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி வியப்பளித்தது. "அந்த இரவுக்கு முன்னால் எத்தனை நாளாகத் தூங்கவில்லை?" என்றார். பதினோரு நாள், நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். அவர் விளக்கியது இது: பல நாள் உறக்கம் இழந்தவருக்கு அது கிடைக்கும் முதல் இரவில், மூளை ஆழ்ந்த உறக்கத்தைத்தான் முதலில் ஈடுகட்டுகிறது. அந்த ஆழத்தில், வழக்கமாக எழுப்பும் ஓசையைவிடப் பல மடங்கு உரத்த ஓசைக்கும் மனிதர் விழிப்பதில்லை. தரம்பிரிக்கும் காவலே சோர்ந்துவிடுகிறது. அடுத்த அறையில் ஒலித்த தொலைபேசி அவருக்குக் கேட்காமல் போனது அசட்டையால் அல்ல. பதினோரு நாள் விழித்திருந்ததன் நேர்விளைவு. சின்னம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை.

துணையை இழந்தவர்களுக்கு ஓசை கேட்பது பற்றி மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். 1971-ல் டீவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், தம் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து விசாரித்தார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, மறைந்தவர் அருகில் இருப்பது போன்ற உணர்வோ, அவரைக் கண்டதோ கேட்டதோ ஆன அனுபவமோ இருந்தது. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் குரலோ ஓசையோ கேட்டதாகக் கூறினர். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பலருக்கு அது துன்பமாக இல்லை, ஆறுதலாகவே இருந்தது. சின்னம்மாவின் சிக்கல் ஓசை கேட்டது அல்ல. திறக்க முடியாமல் போனதுதான், இரவுதோறும்.

மீண்டும் மீண்டும் வரும் தீக்கனவுகளுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, கனவை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்: முடிவை, இடத்தை, ஆளை. எப்படி மாற்றுவது என்று மருத்துவர் சொல்வதில்லை. கனவு கண்டவரே தீர்மானிக்க வேண்டும். மாற்றிய வடிவத்தை நாள்தோறும் பத்து, இருபது நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய வடிவத்தை ஒத்திகை பார்க்கக் கூடாது. பாரி கிராக்கோ என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் நாள்பட்ட தீக்கனவுகள் இப்பயிற்சியால் கணிசமாகக் குறைந்தன. எல்லோருக்கும் பலிக்கும் என்பதற்கில்லை. கொடுமையின் நினைவு இன்னும் பச்சையாக இருப்பவர்கள், உரிய துணையின்றித் தாமாகவே கனவைக் கிளறுவது நல்லதல்ல.

வேறு வகையான எச்சரிக்கைகளையும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். உறக்கத்திலேயே கை காலை வீசி, உதைத்து, கட்டிலிலிருந்து விழும் அளவுக்குக் கனவை நடித்துக்காட்டுகிறவருக்கு அந்தத் தசைப்பூட்டு பழுதாகியிருக்கிறது என்று பொருள். முதியவர்களிடம் அது பார்கின்சன் போன்ற நோய்களுக்கு முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பகலிலும் குரல் கேட்கிறது, அது கட்டளையிடுகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. உரத்த குறட்டையும் மூச்சுத்திணறலோடு விழிப்பதும் இருந்தால் தனியே சோதிக்க வேண்டும். இவை எதுவும் சின்னம்மாவுக்கு இல்லை.

அவர் பழைய நாட்காட்டி ஒன்றின் பின்பக்கத்தில் கனவை எழுதினார். முதல் மாற்றம் சிறியது: மணி அடிக்கிறது, எழுகிறார், திறக்கிறார், வெளியே யாரும் இல்லை. ஒரு வாரம் அதையே மனத்தில் ஓட்டினார். கனவு குறையவில்லை, ஆனால் ஓரிரவு கட்டிலிலிருந்து எழுந்து கதவு வரை போக முடிந்ததாகச் சொன்னார். அடுத்து, திறந்தால் சித்தப்பா நிற்பதாக எழுதினார். அதை ஒத்திகை பார்க்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். மருத்துவரும் அதை வற்புறுத்தவில்லை.

மூன்றாவது வடிவத்தை அவர் யாரையும் கேட்காமல் எழுதினார். கதவைத் திறக்கிறார். கால் பாய் நிற்கிறார், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குறிப்பேட்டை நீட்டுகிறார். சின்னம்மா அதில் தாமே கையெழுத்துப் போடுகிறார். "அவர் அப்பவே கிளம்பிட்டார் தம்பி, நீங்க போங்க" என்கிறார்.

இதை அவர் மாலை விளக்கேற்றிய பிறகு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, நாள்தோறும் ஒத்திகை பார்த்தார். வாரத்துக்கு நான்கைந்தாக இருந்த கனவு, மூன்று மாதத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டானது. கால் பாய் கனவில் உண்மையிலேயே வந்தாரா என்று ஒருமுறை கேட்டேன். "ஒருதரம் வந்தான். குறிப்பேடு கொண்டுவர மறந்துட்டான்" என்றார். மகன் அழைப்பு மணியைத் திரும்ப மாட்டிவிட்டான். காலை ஐந்தரைக்குப் பால்காரர் அடிக்கிறார்.